பாடத் தெரியும், எண்ணத் தெரியுமா?

அடுத்த பருவத்தில் உங்களில் சிலர் மழலை வகுப்புக்கு உதவி செய்யப் போவீங்க. அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு நாலு, அஞ்சு வயசுதான். உங்களை அக்கா, அண்ணா என்று கூப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாங்க. அவர்களுக்கு நீங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கப் போவது ஒன்று முதல் பத்து வரை எண்ணும் ஓர் அபிநயப் பாட்டு. அபிநயப் பாட்டு என்றால், பாடிக்கொண்டே கையாலும் காலாலும் செய்து காட்டும் பாட்டு.

அந்தப் பாட்டை எழுதியவர்களில் நானும் ஒருவர். முதலில் எழுதியதில் சில தப்புகள் இருந்தன. அவை எங்களுக்குத் தெரியவில்லை. குழந்தைகள்தான் காட்டிக்கொடுத்தாங்க. நீங்கள் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் பாட்டு

நாங்கள் முதலில் எழுதிய பாட்டு இதுதான். சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

ஒண்ணு ஒண்ணு, தொடு கண்ணு
ரெண்டு ரெண்டு, பறக்குது வண்டு
மூணு மூணு, நில்லு தூணு
நாலு நாலு, தூக்கு காலு
அஞ்சு அஞ்சு, ஊது பஞ்சு
ஆறு ஆறு, ஊட்டு சோறு
ஏழு ஏழு, குடி கூழு
எட்டு எட்டு, கையைத் தட்டு
ஒம்பது ஒம்பது, ஒளிஞ்சுக்கோ நீ
பத்து பத்து, விரலெல்லாம் முத்து

செய்கைகள் எளிமையானவை. வண்டுக்குக் கைகளைச் சிறகு மாதிரி அடிக்கணும். தூணுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கணும். பஞ்சுக்கு உள்ளங்கையில் பஞ்சு இருப்பதாக நினைத்து "ஃபூ" என்று ஊதணும். சோறு வரும்போது பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி செய்யணும். கடைசியில் பத்து விரலையும் விரித்து ஆட்டணும்.

பேச்சுத் தமிழ் ஏன்?

உங்கள் பாடப் புத்தகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று இருக்கும். பாட்டில் மட்டும் ஏன் ஒண்ணு, ரெண்டு, மூணு? வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓசை.

தமிழ்ப் பாட்டில் இரண்டு சொற்களின் இரண்டாவது எழுத்து ஒன்றாக வந்தால் அதை எதுகை என்று சொல்வோம். ரெண்டு, வண்டு என்ற சொற்களைப் பாருங்கள். இரண்டிலும் இரண்டாவது எழுத்து 'ண்'. நாலு, காலு என்பதில் இரண்டாவது எழுத்து 'லு'. முதல் எழுத்தின் நீளமும் ஒத்துப்போகணும். 'நா' நெடில், 'கா'வும் நெடில். அதனால்தான் நாலு, காலு என்று சொல்லும்போது காதுக்கு நல்லா இருக்கு. நாலு, பல்லு என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ இடிக்கும்.

இப்போது எழுத்துத் தமிழில் முயற்சி செய்யுங்கள். நான்கு, கால். மூன்று, தூண். ஏழு, கூழ். ஓசை சேரவே இல்லை. எழுத்தில் கால், தூண், கூழ் என்று முடியும் சொற்களைப் பேச்சில் காலு, தூணு, கூழு என்று ஓர் 'உ' சேர்த்துச் சொல்கிறோம். எண்களும் பேச்சில் மூணு, நாலு என்று சுருங்குகின்றன. இரண்டு பக்கமும் மாறுவதால்தான் எதுகை கிடைக்கிறது.

எல்லா வீட்டிலும் பேச்சு ஒரே மாதிரி இருக்காது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று சொல்வாங்க. அந்த வீட்டுக் குழந்தைக்கு மூணு, தூணு என்பது பழக்கமில்லாத ஓசை. அந்தக் குழந்தையைத் திருத்தாதீங்க. பாட்டைத்தான் மாற்றணும். "மூண்டு மூண்டு, கோட்டைத் தாண்டு" என்று பாடலாம். மூண்டு, தாண்டு இரண்டிலும் முதல் எழுத்து நெடில், இரண்டாவது எழுத்து 'ண்'. எதுகை சரியாக இருக்கு. தரையில் ஒரு கோடு போட்டால் தாண்டியும் விளையாடலாம்.

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்கே!"

முதல் வாரமே ஒரு தப்பு தெரிந்துபோச்சு. "ஒண்ணு ஒண்ணு, தொடு கண்ணு" என்று பாடினோம். எல்லோரும் கண்ணைத் தொட்டாங்க. ஒரு சின்னப் பெண் மட்டும் கையை எடுக்காமல் நின்றாள். பிறகு, "டீச்சர், எனக்கு ரெண்டு கண்ணு இருக்கே!" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஓசை நன்றாக இருக்கு என்பதற்காக, ஒண்ணு என்று சொல்லும்போது இரண்டு இருக்கும் ஒன்றைத் தொடச் சொல்லிவிட்டோம். நம்ம காதுக்கு அது எதுகை. எண்ணக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அது குழப்பம். வாய் ஒண்ணு என்கிறது, கை ரெண்டைத் தொடுகிறது.

உடனே மற்ற வரிகளையும் பார்த்தோம். நாலு, காலு என்பதிலும் அதே சிக்கல். குழந்தைக்கு இரண்டு கால்தான். அந்த வரியை "நாலு நாலு, மாட்டுக் காலு" என்று மாற்றினோம். கையையும் காலையும் தரையில் ஊன்றி மாடு மாதிரி நிற்கணும். அப்படி நின்றால் தரையில் நாலு கால் இருக்கும். முதல் வரியை "ஒண்ணு ஒண்ணு, தொடு மண்ணு" என்று மாற்றினோம். குனிந்து ஒரு கையால் தரையை ஒரே ஒரு தடவை தொட்டால் போதும்.

நீங்களே ஒரு பாட்டு எழுதினால் இதைக் கவனியுங்கள். உடம்பில் எதையாவது தொடச் சொல்லும் முன்னால், அது எத்தனை இருக்கு என்று பாருங்கள்.

மூணு வாரத்தில் பாடிவிட்டார்கள்

மூன்றாவது வாரம் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் முழுப் பாட்டையும் பாடினாங்க. பெற்றோர் கைப்பேசியில் படம் எடுத்தாங்க. நானும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று மேசையில் பழைய சட்டைப் பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. நன்றாகப் பாடும் ஒரு பையனிடம், "கண்ணா, எனக்கு அஞ்சு பொத்தான் கொடு" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். எண்ணிப் பார்த்தேன். பதிமூணு இருந்தது.

கண்ணு ரெண்டு என்று சொன்னாளே, அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். அவளும் ஒரு பிடி அள்ளினாள். "இல்லடா செல்லம், அஞ்சு. இன்னொரு தடவை பாட்டைப் பாடிட்டுக் கொடு" என்றேன். பாடினாள். மறுபடியும் ஒரு பிடி. நான் மூன்றாவது தடவை பாடச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தமிழ் வராது" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடிப் போனாள்.

பாட்டு தெரியாததால்தான் தப்பு வருகிறது என்று நினைத்து, பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டது என் தப்பு. பாட்டு அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது வேறு ஒன்று.

எண்ணுவதற்கு மூன்று விஷயம் வேணும்

ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகள் எண்களை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். சரியாக எண்ணுவதற்கு என்னென்ன வேணும் என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் மூன்று நமக்கு முக்கியம்.

முதலாவது, எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்லணும். ஒரு நாள் மூணுக்குப் பிறகு நாலு, இன்னொரு நாள் மூணுக்குப் பிறகு ஆறு என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். ஒரு பொத்தானை இரண்டு தடவை எண்ணக் கூடாது. ஒன்றை விட்டுவிட்டும் போகக் கூடாது.

மூன்றாவது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எண்ணி முடித்தால், அங்கே இருப்பது அஞ்சு. அஞ்சு என்பது கடைசிப் பொத்தானின் பெயர் இல்லை. எல்லாம் சேர்ந்து எத்தனை என்பதன் பெயர்.

எங்கள் பாட்டு முதலாவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தது. மற்ற இரண்டும் அதில் இல்லவே இல்லை. அதனால் எத்தனை தடவை பாடினாலும் அந்தப் பெண்ணால் அஞ்சு பொத்தான் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஒரே தப்பு, இரண்டு காரணம்

அடுத்த வாரம் இரண்டு பேரிடமும் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டேன். இந்த நாட்டில் வளரும் நம்ம குழந்தைகளுக்கு ஆங்கில எண்களும் தெரியும். அதனால் ஆங்கிலத்தில் அஞ்சு பொத்தான் கேட்டேன்.

பையன் ஒவ்வொன்றாக எடுத்து, சரியாக அஞ்சு கொடுத்தான். அப்படியென்றால் எண்ணுவது அவனுக்கு வரும். அஞ்சு என்ற தமிழ்ச் சொல்தான் அவனுக்குத் தனியாகத் தெரியவில்லை. பாட்டின் நடுவில் வரும் ஓர் ஓசையாக மட்டும்தான் அவன் அதைக் கேட்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது எண்களைத் தனித்தனியாகக் கேட்பது. சாப்பாட்டு நேரத்தில் "மூணு பிஸ்கட் எடுத்துக்கோ", "நாலு கரண்டி கொண்டு வா" என்று சொன்னாலே போதும்.

பெண் ஆங்கிலத்திலும் ஒரு பிடிதான் அள்ளினாள். அப்படியென்றால் அவளுக்குத் தமிழ் ஒரு பிரச்சினையே இல்லை. நாலு வயசுக் குழந்தை, எண்ணுவதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது பொருளைத் தொட்டு எண்ணிப் பழகுவது. அதுவும் பத்து வரைக்கும் வேண்டாம். முதலில் ரெண்டு, அப்புறம் மூணு.

வெளியே பார்த்தால் இருவரும் செய்தது ஒரே தப்பு. கேட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், அவளுக்குத் தமிழ் வராது என்று அவளோடு சேர்ந்து நானும் நம்பியிருப்பேன்.

ஒம்பது செய்யும் குறும்பு

இன்னொரு பையன் பத்துப் பொத்தான்களை வரிசையாக வைத்துத் தொட்டு எண்ணினான். எட்டு வரைக்கும் சரியாக வந்தது. கடைசியில் பத்துப் பொத்தானையும் தொட்டுவிட்டு, "ஒம்பது!" என்று முடித்தான். மறுபடியும் எண்ணச் சொன்னேன். மறுபடியும் ஒம்பதுதான்.

அவன் விரலைப் பார்த்தபோது புரிந்தது. நீங்களும் ஒவ்வொரு எண்ணையும் கை தட்டிப் பிரித்துச் சொல்லுங்கள். ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு, அஞ்-சு, ஆ-று, ஏ-ழு, எட்-டு. எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டு. அடுத்து ஒம்-ப-து. மூன்று தட்டு! கடைசியில் பத்-து, மறுபடியும் இரண்டு.

எட்டு வரைக்கும் ஒரே தாளத்தில் போன விரல், நீளமான சொல் வந்ததும் நிற்காமல் அடுத்த பொத்தானுக்கும் போய்விட்டது. 'ஒம்' என்னும்போது ஒன்பதாவது பொத்தான், 'பது' என்னும்போது பத்தாவது பொத்தான். பத்து என்று சொல்வதற்குப் பொத்தானே மிச்சம் இல்லை. ஆங்கிலத்தில் செவன் என்ற சொல்லும் இப்படித்தான். ஒன்று முதல் பத்து வரை மற்ற எல்லாம் ஒரே தட்டு, செவன் மட்டும் இரண்டு.

ஒம்பது ஏன் இவ்வளவு நீளம்? அதன் முடிவில் இருக்கும் 'பது'வை இருபது, முப்பது என்ற சொற்களிலும் பார்க்கலாம். அந்தப் 'பது' பத்தைக் குறிக்கும். மிகப் பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று வேறொரு சொல்லும் இருந்தது. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் அந்தச் சொல் வருகிறது. தொண்-டு, இரண்டே தட்டு! அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. அதனால் ஒம்பதோடுதான் நாம் சமாளிக்கணும்.

ஒம்பதுக்கு எதுகையும் எளிதில் கிடைக்காது. ஐம்பது, எம்பது என்று வேறு எண்கள்தான் வரும். அவற்றைப் பாட்டில் போட்டால் குழந்தை குழம்பிவிடும். அதனால் மோனையைப் பிடித்துக்கொண்டோம். முதல் எழுத்து ஒன்றாக வருவது மோனை. ஒம்பது, ஒளிஞ்சுக்கோ. இரண்டும் 'ஒ'வில் தொடங்குகின்றன.

திருத்திய பாட்டு

இப்போது நீங்கள் வகுப்பில் பாடப் போவது இதுதான்.

ஒண்ணு ஒண்ணு, தொடு மண்ணு
ரெண்டு ரெண்டு, பறக்குது வண்டு
மூணு மூணு, நில்லு தூணு
நாலு நாலு, மாட்டுக் காலு
அஞ்சு அஞ்சு, ஊது பஞ்சு
ஆறு ஆறு, ஊட்டு சோறு
ஏழு ஏழு, குடி கூழு
எட்டு எட்டு, கையைத் தட்டு
ஒம்பது வந்தா ஒளிஞ்சுக்கோ
பத்து பத்து, விரலெல்லாம் முத்து

ஒம்பதை இப்போது ஒரே தடவைதான் சொல்கிறோம். அப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடி ஒளியணும். கை முகத்தில் இருப்பதால் அது ஓடாது. சொல் முடியும் வரை காத்திருந்து, கையை எடுத்த பிறகுதான் பத்து.

பெரிய மாற்றம் பாடும் முறையில்தான். முன்பு எல்லோரும் எழுந்து நின்று பாடினாங்க. இப்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பாங்க. ஒண்ணு என்றதும் ஒரு குழந்தை மட்டும் எழுந்து முன்னால் வரும். ரெண்டு என்றதும் இன்னொரு குழந்தை வந்து பக்கத்தில் நிற்கும். ஒரு வரிக்கு ஒரு குழந்தை. செய்கையை, முன்னால் வந்தவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து செய்யலாம். ஒரு சொல்லுக்கு ஒரு ஆள் என்பது இப்படிப் பாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வகுப்பில் பத்துப் பேர் இல்லையென்றால் மீதி இடத்துக்குப் பொம்மைகளை வையுங்கள்.

நடுவில் எங்கேயாவது "நிறுத்து!" என்று சொல்லுங்கள். ஆறில் நிறுத்தினால், "முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் மறுபடியும் ஒண்ணு, ரெண்டு என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்குவாங்க. கடைசிச் சொல்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தப்பு என்று சொல்லாதீங்க. கூடச் சேர்ந்து எண்ணிவிட்டு, எல்லோரையும் சுற்றிக் கையைக் காட்டி, "ஆறு. ஆறு பேர்" என்று முடியுங்கள். சில வாரங்களில், நிறுத்தியதும் எண்ணாமலேயே "ஆறு!" என்று கத்தும் குழந்தைகளைப் பார்ப்பீங்க. அந்தக் குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏழு என்பதைச் சில குழந்தைகள் ஏலு என்று சொல்வாங்க. ழகரம் வர நாளாகும், அதற்காகப் பாட்டை நிறுத்த வேண்டாம். ஆனால் ஏலு என்றதும் நாலு ஞாபகம் வந்து, சிலர் "மாட்டுக் காலு" என்று பாடிவிட்டு, அடுத்து அஞ்சுக்குப் போய்விடுவாங்க. அப்புறம் ஆறு, ஏலு, மறுபடியும் மாட்டுக் காலு! நான் கணினி நிரல் எழுதுபவர். முடிவே இல்லாமல் சுற்றும் நிரலை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பே அப்படிச் சுற்றியதை இங்கேதான் பார்த்தேன். அந்த வரி வரும்போது கூழ்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகிற மாதிரி முன்னாலேயே கையைத் தூக்கிக் காட்டுங்கள். கையைப் பார்த்ததும் கூழு ஞாபகம் வந்துவிடும்.

அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிக் கேட்பீங்க. அவளுக்கு நாங்கள் பாட்டை மூணு வரியோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு வாரமும் மூணு பொம்மையை நிற்க வைத்துப் பாடினாள். பருவத்தின் கடைசி வாரம் பொத்தான் டப்பாவை அவளே திறந்தாள். "டீச்சர், கை நீட்டுங்க" என்றாள். என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். மூணு வைத்ததும் டப்பாவை மூடிவிட்டாள்.

செய்து பாருங்கள்

1. ஆறு, எட்டு, பத்து ஆகிய எண்களுக்கு எதுகையாக வரும் வேறு சொற்களை எழுதுங்கள். முதல் எழுத்தின் நீளம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2. உங்கள் வீட்டில் ஒன்று முதல் பத்து வரை எப்படிச் சொல்கிறார்கள்? அம்மம்மா, பாட்டி, தாத்தா யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். உங்கள் நண்பர் வீட்டில் சொல்வதோடு ஒப்பிடுங்கள்.

3. இரண்டு, ஒன்பது என்ற எழுத்துத் தமிழ்ச் சொற்களைக் கை தட்டிப் பிரித்துச் சொல்லுங்கள். எத்தனை தட்டு வருகிறது? எழுத்துத் தமிழில் பாடியிருந்தால் குழந்தையின் விரல் எங்கெங்கே தடுமாறியிருக்கும்?

4. ஒண்ணு என்று எண்ணுகிறோம். ஆனால் "ஒண்ணு பொத்தான்" என்று சொல்வதில்லை, "ஒரு பொத்தான்" என்கிறோம். ரெண்டு, மூணுக்கு இப்படி மாறுகிறதா? மூன்று வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள்.

5. ஒரு குழந்தை பத்து வரை பாடுகிறது. நாலு பொத்தான் கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிறது. அடுத்து என்ன கேட்பீர்கள்? ஏன்?